வாட்சில் 88 வந்தால் போதும்: ஸ்டென்ட்டுக்குப் பிறகு நடையும் டம்பெல்லும்

கேள்வி: எனக்கு வயது 56. மாடி ஏறும்போது நெஞ்சு இறுக்கமாக இருந்ததால் ஆஞ்சியோகிராம் எடுத்து, ஒரு ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். மாரடைப்பு வரவில்லை. எக்கோவில் பம்பிங் நார்மல். நான்கு வாரம் ஆகிறது. போன வாரம் கார்டியாலஜிஸ்ட், "நல்லா நடங்க, கொஞ்ச நாள் கழிச்சு லைட்டா வெயிட்டும் செய்யலாம்" என்றார். அதற்கு மேல் விவரம் கேட்க முடியவில்லை. தினமும் 15 நிமிடம் நடக்கிறேன். உட்கார்ந்திருக்கும்போது வாட்ச் 62 காட்டுகிறது, நடக்கும்போது 88-ஐத் தாண்டுவதில்லை. 220-இல் வயதைக் கழித்து, அதில் 70 சதவீதம் என்று கணக்குப் போட்டு, குறைந்தது 115 வர வேண்டும் என்கிறான் மகன். அப்படி வேகமாக நடந்தால் மூச்சு வாங்குகிறது. முன்பு 5 கிலோ டம்பெல் செய்து பழக்கம் உண்டு. இனி அதைத் தொடவே கூடாது என்கிறார் மனைவி. மெட்டோபிரோலால், ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், கொலஸ்ட்ரால் மாத்திரை எடுத்துக்கொள்கிறேன். நடையையும் வெயிட்டையும் எப்படிக் கூட்டிக்கொண்டு போவது?

பதில்: முதலில் மகனின் கணக்கை நிறுத்தி வையுங்கள். 220-இல் வயதைக் கழிப்பது பொதுவாகவே தோராயமான சூத்திரம்தான். மெட்டோபிரோலால் சாப்பிடும் ஒருவருக்கு அது தோராயமாகக்கூடப் பொருந்தாது. அந்த மாத்திரை பீட்டா பிளாக்கர் வகை. இதயத் துடிப்பு ஏறாமல் பிடித்து வைப்பதுதான் அதன் வேலை. சும்மா இருக்கும்போதும் துடிப்பைக் குறைக்கும், நடக்கும்போதும் ஓர் அளவுக்கு மேல் ஏற விடாது. அந்த மாத்திரையோடு 115-ஐ எட்ட வேண்டுமென்றால், நீங்கள் உங்கள் முழுச் சக்திக்கு அருகில் போக வேண்டியிருக்கும். மூச்சு வாங்கியது அதனால்தான். உடம்பு சரியாகச் சொல்கிறது, சூத்திரம்தான் தவறு.

சரி, 88 போதுமா? டிரெட்மில் டெஸ்ட் எடுக்காதவர்களுக்கு ஆரம்பத்தில் நாங்கள் வைக்கும் உச்ச வரம்பு, ஓய்வில் இருக்கும் துடிப்போடு 20 முதல் 30 வரை கூட்டினால் வருவது. உங்களுக்கு 62-உடன் கூட்டினால் 82 முதல் 92. நீங்கள் அதற்குள்தான் இருக்கிறீர்கள்.

டெஸ்ட் எடுத்தால் இன்னும் துல்லியமாகச் சொல்லலாம். மாத்திரையை வழக்கம்போலப் போட்டுக்கொண்டு செய்த டெஸ்ட்டில் உங்கள் உச்சத் துடிப்பு 122 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். 122-இல் 62 போனால் 60. இந்த 60-தான் உங்கள் இதயம் ஓய்விலிருந்து ஏறக்கூடிய இடைவெளி. இதில் 40 முதல் 60 சதவீதம் வரை, அதாவது 24 முதல் 36 வரை, ஓய்வுத் துடிப்போடு கூட்டினால் 86 முதல் 98. தொடக்கக் கால நடைக்கு அதுவே சரியான வட்டம். இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். சில டெஸ்ட்டுகளுக்கு முன்னால் மாத்திரையை நிறுத்தச் சொல்வார்கள். அப்படி எடுத்த டெஸ்ட்டின் எண்ணை வைத்து இந்தக் கணக்கைப் போட்டால் மறுபடியும் மகனின் 115-க்கே வந்து நிற்போம். பயிற்சிக்காக எடுக்கும் டெஸ்ட்டை, பயிற்சி செய்யும் நாளில் என்ன மாத்திரை உள்ளே இருக்குமோ அதோடுதான் எடுக்க வேண்டும். வெயிட் தொடங்குவதற்கு முன் அப்படி ஒன்று தேவையா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், நேரம் மாற்றவும் வேண்டாம்.

உண்மையில், என்னிடம் வருகிறவர்களை நான் வாட்சைப் பார்த்து நடக்கச் சொல்வதில்லை. மணிக்கட்டு வாட்ச் கையசைவில் தப்பாகக் காட்டும். கைப்பிடியை இறுக்கிப் பிடித்தால் இன்னும் தப்பாகக் காட்டும். நம்ப வேண்டியது சிரமத்தைத்தான். போர்க் என்ற ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் 6-இல் தொடங்கி 20-இல் முடியும் ஓர் அளவுகோலை உருவாக்கினார். 6 என்றால் எந்தச் சிரமமும் இல்லை, சும்மா உட்கார்ந்திருக்கும் நிலை. 11 என்றால் லேசு. 13 என்றால் கொஞ்சம் கஷ்டம், ஆனால் தொடர முடியும். 15 என்றால் கஷ்டம். 20 என்றால் இதற்கு மேல் ஓரடிகூட முடியாது. இப்போதைக்கு உங்கள் இடம் 11 முதல் 13 வரை. எண் மறந்துபோனால் பேச்சைச் சோதியுங்கள். கூட நடப்பவரிடம் ஒரு முழு வாக்கியத்தை நடுவில் மூச்சுக்காக நிறுத்தாமல் பேச முடிகிறதா? முடிந்தால் சரியான வேகம். இரண்டு மூன்று சொல்லுக்கு ஒரு முறை மூச்சு இழுக்க வேண்டியிருந்தால் வேகம் அதிகம். பாட்டே பாடலாம் போல இருந்தால் கொஞ்சம் கூட்டலாம்.

இனி நடைத் திட்டம். ஒவ்வொரு நடைக்கும் மூன்று பகுதி வைத்துக்கொள்ளுங்கள்: 5 நிமிடம் மெதுவாக, நடுவில் மேலே சொன்ன வேகத்தில், கடைசியில் மறுபடி 5 நிமிடம் மெதுவாக. இந்த வாரம் நடுப்பகுதி 10 நிமிடம் போதும். மொத்தம் 20 நிமிடம், வாரத்துக்கு ஐந்து அல்லது ஆறு நாள். அதன்பின் வாரத்துக்கு 5 நிமிடம் வீதம் நடுப்பகுதியை மட்டும் நீட்டுங்கள். ஐந்தாவது வாரத்தில் நடுப்பகுதி 30 நிமிடம் ஆகிவிடும். அதை வாரத்தில் ஐந்து நாள் செய்தால் 150 நிமிடம் வருகிறது. நம் இலக்கு அதுதான். ஒரே மூச்சில் முடியவில்லை என்றால் காலையும் மாலையுமாகப் பிரித்துக்கொள்ளலாம், குறையொன்றும் இல்லை.

நிமிடம் கூடும் வரை வேகத்தைக் கூட்டாதீர்கள். நிறையப் பேர் தடுமாறுவது இங்கேதான். ஒரே வாரத்தில் நேரத்தையும் கூட்டுவார்கள், வேகத்தையும் கூட்டுவார்கள், மேடான பாதையையும் சேர்த்துக்கொள்வார்கள். அப்புறம் களைத்துப்போனால் எதனால் களைத்தோம் என்றே கண்டுபிடிக்க முடியாது. முதலில் நேரம். நடுப்பகுதி 30 நிமிடம் சுலபமான பிறகு வேகம்: இரண்டு நிமிடம் விரைவாக, மூன்று நிமிடம் பழைய வேகத்தில் என்று மாற்றி மாற்றி. மேடும் மாடிப்படியும் அதற்கும் பிறகு. முதல் சில வாரங்கள் படி ஏற வேண்டியிருந்தால் நிதானமாக ஏறுங்கள், அதைப் பயிற்சியாக ஆக்க வேண்டாம்.

கடைசி 5 நிமிடத்தை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வெட்டாதீர்கள். நடக்கும்போது கால் தசைகளுக்குப் போகும் ரத்தக்குழாய்கள் விரிந்து, நிறைய ரத்தம் கீழே இறங்கியிருக்கும். அதை மேலே தள்ளிக்கொண்டிருப்பது அசையும் கால் தசைகள்தான். சட்டென்று நின்றால் அந்தத் தள்ளல் நின்றுவிடும், ரத்த அழுத்தம் திடீரென இறங்கும், தலை சுற்றும். சிலருக்குத் துடிப்பு தாறுமாறாவதும் அந்தச் சில நிமிடங்களில்தான். அதோடு உங்கள் மாத்திரையும் அழுத்தத்தைக் குறைக்கக் கூடியது. நடையை முடித்துவிட்டுப் பத்து நிமிடத்தில் துடிப்பு ஓய்வு நிலைக்கு அருகில் வந்துவிட வேண்டும். ஒரு மணி நேரம் கழித்தும் அசதியாகவே இருந்தால், அல்லது அன்று இரவு தூக்கம் கெட்டு மறுநாள் உடம்பு கனத்தால், அன்றைய அளவு அதிகம். முந்தைய வாரத்தின் அளவுக்குத் திரும்புங்கள்.

அடுத்தது டம்பெல். உங்கள் மனைவியின் பயம் நியாயமானது. ஆனால் பயப்பட வேண்டியது டம்பெல்லின் எடைக்கு அல்ல, தூக்கும் விதத்துக்கு. 1985-இல் வெளியான ஓர் ஆய்வில், அனுபவமுள்ள பாடிபில்டர்களின் தமனிக்குள்ளேயே கருவி வைத்து அழுத்தத்தை அளந்தார்கள். இரண்டு காலாலும் கனத்த லெக் பிரஸ் தள்ளும்போது சராசரி 320/250 வரை போனது. அதற்குக் காரணம், மிகக் கனமான எடையை முடியாத எல்லைக்குத் தள்ளியதும், மூச்சை அடக்கி முக்கியதும். லேசான எடையை, மூச்சு விட்டுக்கொண்டு, தசை சோர்வதற்கு வெகு முன்னாலேயே நிறுத்தினால் கதையே வேறு. இன்னொன்றையும் அவரிடம் சொல்லுங்கள். லேசான எடைப் பயிற்சியில் இதயத் துடிப்பு வேக நடையைவிடக் குறைவாகவே ஏறும், ஆனால் கீழ் அழுத்தம் கொஞ்சம் கூடும். இதயத்தின் சொந்த ரத்தக்குழாய்களுக்குள் ரத்தம் பாய்வது பெரும்பாலும் அது விரிந்து ஓய்வெடுக்கும் நேரத்தில்தான். எனவே அந்த நேரத்து அழுத்தம் சற்றுக் கூடுவது அந்த ஓட்டத்துக்கு உதவுகிறது. டிரெட்மில்லில் நெஞ்சு இறுக்கம் வருகிற சிலருக்குக்கூட, அளவான எடைப் பயிற்சியில் அது வராமல் இருப்பதைப் பார்த்திருக்கிறோம்.

எப்போது தொடங்கலாம்? மாரடைப்பு இல்லாமல் ஸ்டென்ட் மட்டும் வைத்தவர்கள் குறைந்தது மூன்று வாரம் கழித்து, அதில் இரண்டு வாரமாவது தொந்தரவின்றித் தவறாமல் நடந்திருந்தால் தொடங்கலாம் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் வழிகாட்டுதல். உங்களுக்கு நாள் கணக்கு ஏற்கெனவே சரியாக இருக்கிறது. என்றாலும் மேலே சொன்ன மூன்று பகுதி நடையை இரண்டு வாரம் முடித்துவிட்டு வாருங்கள். இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை: மாரடைப்பு வந்திருந்தாலோ, நெஞ்செலும்பைத் திறந்து பைபாஸ் செய்திருந்தாலோ, பம்பிங் குறைந்திருந்தாலோ இந்தக் கால அளவு உங்களுக்கு இல்லை. பைபாஸில் எலும்பு ஒன்றுசேர இரண்டு மூன்று மாதம் ஆகும், கைப் பயிற்சியின் கணக்கே வேறு.

வாரத்துக்கு இரண்டு நாள், இடையில் குறைந்தது ஒரு நாள் முழு இடைவெளி. அன்றைய நடையை முடித்த கையோடு செய்தால் உடம்பு சூடாகியிருக்கும், வசதி. முதல் இரண்டு வாரம் கையில் எடையே வேண்டாம். நாற்காலியில் உட்கார்ந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, சுவரில் கை வைத்துத் தள்ளும் புஷ்-அப், நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்துவது, ரெசிஸ்டன்ஸ் பேண்டைக் கதவில் மாட்டி நெஞ்சை நோக்கி இழுப்பது. இந்த நான்கும் போதும். ஒவ்வொன்றிலும் 10 முறை, ஒரே ஒரு சுற்று. ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போகும் முன் ஒரு நிமிடத்துக்கு மேல் ஓய்வு.

எழும்போது, தள்ளும்போது, இழுக்கும்போது மூச்சை வெளியே விடுங்கள். திரும்பி வரும்போது உள்ளே இழுங்கள். இதைச் சரியாகச் செய்கிறோமா என்று தெரிந்துகொள்ள எளிய வழி, சத்தமாக எண்ணிக்கொண்டே செய்வது. குரல் வந்துகொண்டிருந்தால் மூச்சை அடக்கவில்லை என்று அர்த்தம். எண்ணும் குரல் இறுகினாலோ நின்றாலோ எடை அதிகம், அல்லது முறைகள் அதிகம். எழுவதற்கு இரண்டு நொடி, இறங்குவதற்கு மூன்று நொடி என்று வைத்தால் அவசரம் வராது. டம்பெல்லையும் நாற்காலியையும் தேவைக்கு மேல் இறுக்கிப் பிடிக்காதீர்கள். கைப்பிடி இறுக்கமும் அழுத்தத்தை ஏற்றும். இதே காரணத்துக்காகத்தான் பிளாங்க், சுவரில் சாய்ந்து அசையாமல் நிற்பது போன்றவற்றை இப்போது விட்டுவிடச் சொல்கிறேன்.

மூன்றாவது வாரத்திலிருந்து கையில் எடை: ஒரு கிலோ. உங்கள் முகம் எப்படிப் போகும் என்று தெரிகிறது! ஐந்து கிலோவில் பழகிய கைக்கு ஒரு கிலோ விளையாட்டாகத்தான் தெரியும். ஆனால் இங்கே சோதிப்பது கையை அல்ல. மேல்கைக்கு உங்கள் உச்ச சக்தியில் 30 முதல் 40 சதவீதத்தில்தான் தொடங்க வேண்டும். அந்த உச்சம் எவ்வளவு என்று தூக்கிப் பார்த்துக் கண்டுபிடிப்பது இந்தக் கட்டத்தில் கூடவே கூடாது. ஆகவே குறைவாகத் தொடங்கி மேலே போகிறோம். முழங்கையை மடக்கித் தூக்குவதை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். தலைக்கு மேல் தூக்குவது கடைசியில்தான். ஒரே அளவு வேலைக்குக் காலைவிடக் கைக்கு அழுத்தமும் துடிப்பும் அதிகம் ஏறும், கை தலைக்கு மேல் போனால் இன்னும் கூடும்.

கூட்டும் விதி ஒன்றே. ஒரு எடையில் 10-இல் தொடங்கி 15 முறை வரை வாருங்கள். தொடர்ந்து இரண்டு நாள் 15 முறையும் சிரமம் 12-க்குள், அதாவது முடித்த பிறகும் இன்னும் நாலைந்து முறை செய்யலாம் என்ற நிலையில் இருந்தால், அரை கிலோ கூட்டி மறுபடி 10-க்கு இறங்குங்கள். எழுந்து உட்காரும் பயிற்சிக்கு ஒரு கிலோவாகக் கூட்டலாம், கால் தாங்கும். ஒரு நாள் விட்டுப்போனால் அதை ஈடுகட்ட அடுத்த நாள் இரட்டிப்பாகச் செய்யாதீர்கள். ஒரு வாரத்துக்கு மேல் விட்டுப்போனால், அல்லது காய்ச்சலில் படுத்திருந்தால், ஒரு படி கீழிருந்து தொடங்குங்கள். இப்படிப் போனால் ஐந்து கிலோவுக்கு உங்களுக்குச் சில மாதங்கள் ஆகலாம். அதுவரை அந்த ஜோடியை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள், கண்ணெதிரே இருந்தால் கை போகும்.

பயிற்சிக்கு முன் வீட்டில் ரத்த அழுத்தம் பார்க்கும் வழக்கம் இருந்தால், 160/100-க்கு மேல் காட்டும் நாளில் வெயிட்டைத் தொட வேண்டாம். அது அடிக்கடி நேர்ந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். வயிறு நிறையச் சாப்பிட்டு ஒன்றரை மணி நேரமாவது போகட்டும்.

மாத்திரைகளால் வரும் இரண்டு குழப்பங்களைச் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பிரினும் குளோபிடோகிரெலும் சேர்ந்திருப்பதால் டம்பெல் லேசாக இடித்தாலும் தோல் கன்றிப்போகும். சின்னக் கன்றல் பெரிய விஷயமில்லை. அதைப் பார்த்துப் பயந்து மாத்திரையை நிறுத்துவதுதான் ஆபத்து. புதிய ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் உறையாமல் காப்பது அந்த இரண்டும்தான். தலையில் அடி பட்டால், ரத்தம் நிற்காமல் வந்தால், மலம் கறுத்துப்போனால் மட்டும் உடனே மருத்துவமனை. அடுத்தது கொலஸ்ட்ரால் மாத்திரை. புதுப் பயிற்சியால் வரும் தசை வலி, வேலை செய்த தசையில் மட்டும் வரும். ஓரிரு நாளில் உச்சத்துக்குப் போய்த் தானாக இறங்கும். மாத்திரையால் வருவது பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒரேபோல், தொடை, தோள் என்று பெரிய தசைகளில் வரும், ஓய்வெடுத்தாலும் போகாது. அப்படி இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், அவர் மாத்திரையை மாற்றலாம். வலியோடு சிறுநீர் பழுப்பாகப் போனால் அன்றைக்கே போய்க் காட்ட வேண்டும்.

இனி, எதைக் கண்டால் நிறுத்துவது? நெஞ்சில், தாடையில், தோளில், கையில் இறுக்கமோ கனமோ, குளிர்ந்த வியர்வை, தலைசுற்றல், துடிப்பு தாறுமாறாவது, வழக்கத்துக்கு மீறிய மூச்சுத்திணறல். இவற்றில் எது வந்தாலும் அந்த இடத்திலேயே நிறுத்தி உட்காருங்கள். நெஞ்சு இறுக்கத்துக்கு நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரையை டாக்டர் கொடுத்திருந்தால், உட்கார்ந்த நிலையில்தான் வைக்க வேண்டும். நின்றுகொண்டு வைத்தால் அழுத்தம் இறங்கி விழுந்துவிடலாம். ஐந்து நிமிடத்தில் அடங்கவில்லை என்றால் ஆம்புலன்ஸ்தான். நீங்களே வண்டி ஓட்டிக்கொண்டு போகாதீர்கள்.

உங்கள் விஷயத்தில் தனியாகச் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. ஸ்டென்ட்டுக்கு முன் மாடி ஏறும்போது வந்த அதே மாதிரி இறுக்கம் மறுபடி வந்தால், உட்கார்ந்ததும் சட்டென்று போய்விட்டாலும் சும்மா விடாதீர்கள். ஸ்டென்ட் வைத்த இடம் மறுபடி சுருங்கியிருக்கலாம், வேறு குழாயில் அடைப்பு இருக்கலாம். பயிற்சியை நிறுத்திவிட்டு அன்றைக்கே கார்டியாலஜிஸ்ட்டைக் கூப்பிடுங்கள். முன்பைவிடக் குறைந்த வேலைக்கே அது வந்தாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போது வந்தாலோ தொலைபேசியோடு நிற்காமல் நேரே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

ஒரு சின்ன நோட்டில் தினமும் ஒரு வரி எழுதுங்கள்: எத்தனை நிமிடம், எந்த எடை எத்தனை முறை, சிரமம் 6-இலிருந்து 20-க்குள் எவ்வளவு, ஏதாவது தொந்தரவு இருந்ததா. அடுத்த பரிசோதனைக்கு அதைக் கையோடு கொண்டுபோய், மூன்று கேள்வி கேளுங்கள்: மாத்திரையோடு ஒரு டிரெட்மில் டெஸ்ட் தேவையா, என் உச்சத் துடிப்பு எதைத் தாண்டக் கூடாது, எடையில் எனக்கு ஏதாவது வரம்பு உண்டா. மெட்டோபிரோலாலின் அளவை அவர் கூட்டினாலோ குறைத்தாலோ ஓய்வுத் துடிப்பை மறுபடி பார்த்து, மேலே போட்ட கணக்கைப் புதிதாகப் போட்டுக்கொள்ளுங்கள்.